பத்து மாசமா நான் எழுதுற செல்ஃப் டெஸ்ட் செட்: மார்க் ஏறுச்சு, ஆனா எதுக்கு ஏறுச்சு?

தேவகோட்டைல இருந்து ஃப்ரெண்டு நேத்து போன் பண்ணி, அந்த குரூப் 4 செல்ஃப் டெஸ்ட் செட் விலைய குறைச்சிருக்காங்களாமே, வாங்கலாமாடான்னு கேட்டான். போன்ல முழுசா சொல்ல முடியல, அதான் இங்க எழுதுறேன்.

செட்டோட வர்ற அட்டவணைய பத்தி குறையே இல்ல. ஒரு தலைப்ப படிச்சா மறுநாள், அப்புறம் மூணாம் நாள், ஏழாம் நாள், இருபத்தோராம் நாள்னு புத்தகத்த மூடி வச்சுட்டு பத்து கேள்வி எழுதணும். மார்க் ஷீட்ல தலைப்புக்கு ஒரு வரி, தேதிக்கு ஒரு கட்டம். காரைக்குடில எங்க வீட்டு முகப்புல அத ஒட்டி வச்சிருக்கேன், எந்த தலைப்ப தொடாம விட்டுட்டோம்னு வர்றப்ப போறப்ப கண்ணுல படும். அதுக்காகவே தினமும் உக்காந்தேன்.

எனக்கு கோவம் எதுலன்னா, நாலு தடவையும் அதே பத்து கேள்வி, அதே ஆப்ஷன் வரிசை. வட்டி கணக்குல எனக்கு 6, 8, 9, 10ன்னு ஏறுச்சு, நானும் இது முடிஞ்சுதுன்னு அடுத்ததுக்கு போயிட்டேன். அப்புறம் ஒரு மாதிரித் தேர்வுல வட்டில வந்த மூணு கேள்வில ரெண்டு தப்பு.

வீட்டுக்கு வந்து செட்டுல இருந்த அந்த வட்டி தாள எடுத்து பாத்தேன். 10,000 ரூபாய், 10 சதவீதம், 2 வருஷம், கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் வித்தியாசம் எவ்வளவு? கணக்கே போடாம கை 100க்கு போகுது, விடை மனசுல இருக்கு, வழி இல்ல. அதையே 3 வருஷம்னு மாத்தி, ஆப்ஷன மறைச்சுட்டு போட்டேன், நின்னுட்டேன். தனிவட்டி 3000, கூட்டுவட்டி 3310, வித்தியாசம் 310, அவ்வளவுதான், ஆனா அன்னைக்கு வரல. பத்து கேள்வியையும் இப்படி எண்ண மாத்தி எழுதினதுல 5 தான் சரி. தப்பான அஞ்சும் ஒண்ணு மூணு வருஷ வித்தியாசம், இல்லன்னா அரையாண்டுக்கு ஒரு தடவ வட்டி சேர்க்குறது, அதுல வீதத்த பாதியாக்கிட்டு தவணைய ரெட்டிப்பாக்க மறந்திருக்கேன்.

ஷீட்ல 'வட்டி'ன்னு ஒரே வரி இருந்தா இது எப்படிங்க தெரியும்? இப்ப அந்த வரிய நாலா பிரிச்சுட்டேன். தெரிஞ்சு போட்டதுக்கு டிக், குத்துமதிப்பா போட்டு சரியா வந்ததுக்கு புள்ளி, மார்க்குல டிக்க மட்டும் தான் எண்ணுவேன். நாலு ஆப்ஷன்ல கண்ண மூடிட்டு போட்டாலே நாலுக்கு ஒண்ணு சராசரியா சரியா வந்துருமே, அத மார்க்னு எழுதி வச்சா நம்மள நாமளே ஏமாத்திக்கிறது தான். ஏழாம் நாள்ல இருந்து கேள்விக்கு பழைய வினாத்தாளுக்கு போயிடுறேன்.

பத்து மாசம் என்னய உக்கார வச்சது இந்த செட்டு தான், அத மறுக்கவே மாட்டேன். ஆனா மாப்ள, இன்னைக்கு நீ கேட்டா வாங்காதன்னு தான் சொல்லுவேன். என்கிட்ட காலி மார்க் ஷீட் இருக்கு, ஞாயித்துக்கிழமை வா, ஜெராக்ஸ் எடுத்துக்க.