ஆண்டு இலக்கு ஒன்று, கேள்விகள் மூன்று: ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் ஓர் ஒப்பீடு

ஒரு பெரிய ஆண்டு இலக்கைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எப்படிப் பிரிப்பது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன. ஆண்டைப் பன்னிரண்டு சம பங்காக்கலாம், காலாண்டுக்கு ஒருமுறை மட்டும் கணக்குப் பார்க்கலாம், வாரந்தோறும் பார்க்கலாம், அல்லது காலாண்டு, மாதம், வாரம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொள்ளலாம். இந்த நான்கையும் ஏற்காட்டில் ஐந்து ஏக்கரில் அரபிக்கா காப்பி வைத்திருக்கும் ஒரு சிறு தோட்டக்காரரின் இலக்கில் பொருத்திப் பார்ப்போம். கணக்கைத் தெளிவாக்குவதற்காக எண்களை நான் எளிமைப்படுத்தியிருக்கிறேன்.

காப்பிப் பழத்தை இரண்டு விதமாக விற்கலாம். பழத்தை அப்படியே காய வைத்தால் அது செர்ரி. பறித்த அன்றே பல்பரில் மேல்தோலை நீக்கி, தொட்டியில் ஏறத்தாழ ஒன்றரை நாள் வரை ஊற விட்டு, வழுவழுப்புப் போகக் கழுவிக் காய வைத்தால் அது பார்ச்மென்ட். பார்ச்மென்டுக்குப் பொதுவாகக் கூடுதல் விலை கிடைக்கும் என்றாலும், அதற்குப் பழுத்த பழம்தான் வேண்டும், வேலையும் அதிகம். நம் தோட்டக்காரருக்குச் சென்ற பருவத்தில் 5,000 கிலோ பழம் கிடைத்து, அதில் பாதிதான் பார்ச்மென்ட் ஆனது. இந்த ஆண்டு நான்கில் மூன்று பங்கை, அதாவது 3,750 கிலோ பழத்தை, பார்ச்மென்ட் ஆக்க வேண்டும் என்பது அவருடைய இலக்கு.

பன்னிரண்டு சம பங்கு என்ற முதல் வழி இங்கே தொடக்கத்திலேயே தோற்றுவிடுகிறது. 3,750 கிலோவைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு 312 கிலோ சொச்சம் வரும்; ஆனால் மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை செடியில் பறிக்கப் பழமே இருக்காது. மாதா மாதம் சேமிக்கும் பணத்துக்கும், ஒரே வேகத்தில் ஓடும் பட்டறை வேலைக்கும் இந்த வகுத்தல் கணக்கு சரிப்படலாம். பருவத்தை நம்பிய இலக்குக்கு அது எட்டு மாதம் பூஜ்யத்தையும், அதன்பின் நான்கு மாதம் பதற்றத்தையும்தான் காட்டும். ஆண்டை ஜனவரியில் தொடங்குவதும் இதே காரணத்தால் பொருந்தாது, ஏனெனில் அது பறிப்பின் நடுப்பகுதி. பறிப்பு ஓய்ந்தபின் மார்ச்சில் தொடங்கி, மே, ஆகஸ்ட், நவம்பர், பிப்ரவரி முடிவுகளைக் காலாண்டு எல்லைகளாக வைத்துக்கொண்டால் ஆண்டின் மடிப்பும் வேலையின் மடிப்பும் ஒன்றாக அமையும்.

காலாண்டுக்கு ஒருமுறை மட்டும் பார்க்கும் இரண்டாவது வழியில் தொந்தரவு குறைவு. இலக்கை மாற்ற வேண்டுமா என்று நிதானமாக யோசிக்கும் இடமும் அதுவே. ஆனால் அது தவறைக் காட்டும்போது, திருத்துவதற்கான காலம் பெரும்பாலும் கடந்திருக்கும். ஆகஸ்ட் முடிவில் உலர்த்தும் மேடை போதாது என்று தெரிய வந்தால், பறிப்புக்கு முன் இருப்பது இரண்டே மாதம். அதிலும் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும், கட்டுமான வேலை மெல்லத்தான் நகரும்.

வாரந்தோறும் பார்க்கும் மூன்றாவது வழிதான் அதிகம் பேரைக் கவர்கிறது. அதற்குச் சான்றும் உண்டு. ஆல்பர்ட் பண்டூராவும் டேல் ஷங்கும் 1981இல் வெளியிட்ட ஆய்வில், கணக்கில் பின்தங்கிய குழந்தைகளுக்கு 42 பக்கக் கழித்தல் பயிற்சி தரப்பட்டது. ஒவ்வொரு அமர்விலும் ஆறு பக்கம் என்று அருகிலுள்ள இலக்கைப் பெற்ற குழந்தைகள், ஏழு அமர்வின் முடிவில் 42 பக்கம் என்ற தொலைவிலுள்ள இலக்கைப் பெற்றவர்களைவிட மிக நன்றாகச் செய்தார்கள். ஆனால் அதே 1981இல் கிர்ஷன்பாமும் அவருடன் பணியாற்றியவர்களும் கல்லூரி மாணவர்களிடம் செய்த ஆய்வு வேறு பக்கத்தைக் காட்டியது: படிப்பை நாள்தோறும் நுணுக்கமாகத் திட்டமிட்டவர்களைவிட, மாதத்துக்கு ஒரு திட்டம் போட்டவர்கள் மேலாக இருந்தார்கள். நாள் திட்டம் ஒரு நாள் தவறினாலே தோல்வியாகத் தெரியும், மாதத் திட்டம் வளைந்துகொடுக்கும் என்பது அதற்கு ஒரு விளக்கம். பக்கம் பக்கமாக எண்ணக்கூடிய, தடையற்ற வேலைக்கு அண்மை இலக்கு நல்லது. குறுக்கீடு நிறைந்த வாழ்க்கைக்குக் கொஞ்சம் நெகிழ்வு வேண்டும் என்று இரண்டையும் சேர்த்து நான் புரிந்துகொள்கிறேன். மலைத்தோட்டம் இரண்டாம் வகை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வாரக் கேள்வி மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதை மார்ச் மாதத்தைக் கொண்டே காட்டலாம். அப்போது கேட்கும் கேள்வி, "இந்த வாரத்துக்கென்று குறித்த ஒரு வேலை முடிந்ததா?" முதல் வாரம் பல்பரின் தேய்ந்த தகட்டை மாற்றியாயிற்று. இரண்டாம் வாரம் தொட்டியின் விரிசலைப் பூசியாயிற்று. மூன்றாம் வாரம் தண்ணீர்க் குழாய், நான்காம் வாரம் கழுவும் வாய்க்கால். நான்கு வாரமும் "ஆம்". தோட்டக்காரருக்கு நிறைவாகத்தான் இருக்கும். ஆனால் மாத முடிவில் வேறொரு கேள்வி வருகிறது: "இன்று பழம் வந்தால், நாளொன்றுக்கு எத்தனை கிலோவைப் பார்ச்மென்ட் ஆக்க முடியும்?" மாதத் தொடக்கத்தில் விடை 100 கிலோ, முடிவிலும் அதே 100 கிலோ. ஏனென்றால் தடை பல்பரிலோ தொட்டியிலோ இல்லை. கழுவிய பார்ச்மென்ட் மேடையில் ஏழு முதல் பத்து நாள் வரை காய வேண்டும்; அத்தனை நாளும் அந்த இடம் அடுத்த சுமைக்குக் கிடைக்காது. மேடை நிறைந்துவிட்டால் பல்பர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் பயனில்லை.

நான்காவது வழியான மூன்று கேள்வி முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மூன்று மட்டத்திலும் "இலக்கில் எவ்வளவு தூரம் வந்தோம்?" என்று ஒரே கேள்வியைக் கேட்டால், அது ஒரே கணக்கை மூன்று முறை போடுவதாகும். வாரக் கேள்வி வேலை நடந்ததா என்று கேட்க வேண்டும். மாதக் கேள்வி அந்த வேலையால் ஏதாவது நகர்ந்ததா என்று ஓர் எண்ணில் கேட்க வேண்டும். காலாண்டுக் கேள்வி இலக்கின் அளவு இன்னும் பொருந்துகிறதா என்று கேட்க வேண்டும். வாரம் "ஆம், ஆம்" என்றும் மாதம் "நகரவில்லை" என்றும் சொன்னால், உழைப்பு தவறான இடத்தில் போகிறது என்று பொருள். வாரமே "இல்லை" என்றால் சிக்கல் திட்டத்தில் இல்லை, ஆளிலோ நேரத்திலோ இருக்கிறது. இந்த இரண்டையும் பிரித்தறிய ஒற்றைக் கேள்வியால் முடியாது.

மேலே செல்வோம். பறிப்பின் உச்சமான மூன்று வாரத்தில் பாதிப் பழம் வந்துவிடும் என்றும், வாரத்துக்கு நான்கு நாள் பறிப்பு என்றும் வைத்துக்கொண்டால், 3,750இல் பாதியான 1,875 கிலோவைப் பன்னிரண்டு நாளில் கையாள வேண்டும். நாளுக்கு ஏறக்குறைய 155 கிலோ. ஆகவே மாதக் கேள்வியின் விடை நவம்பருக்குள் 100இலிருந்து 155க்கு ஏற வேண்டும். ஏப்ரலில் கம்பி வலை அடித்த இரண்டு மேடைகள் சேர்ந்து எண் 120 ஆகிறது. மே மாதம் கோடை விழாக் கூட்டமும் சேர்வராயன் கோயில் திருவிழாவும் சேர்ந்து வருவதால் தச்சரும் கூலியாட்களும் கிடைப்பதில்லை; மூன்று வாரம் "இல்லை", எண் அப்படியே நிற்கிறது. விட்டுப்போன மூன்று வேலையை அடுத்த வாரத்தின் தலையில் ஏற்றக் கூடாது; அடுத்த வாரத்துக்கும் ஒரே வேலைதான்.

மே முடிவில் காலாண்டுக் கேள்வி. காப்பி பூப்பதற்குக் கோடையில் ஒரு நல்ல மழையும், பிஞ்சு நிற்க அதைத் தொடர்ந்து இன்னொரு மழையும் வேண்டும். இரண்டாவது மழை பிந்தியதால் பிஞ்சு குறைந்து, விளைச்சல் 4,500 கிலோதான் வரும் என்று கிளைகளைப் பார்த்து மதிப்பிடுகிறார். இலக்கைக் கிலோவில் மட்டும் எழுதி வைத்திருந்தால் அன்றே மனம் விட்டுப்போகும். பங்காக எழுதியிருப்பதால் நான்கில் மூன்று அப்படியே நிற்கிறது. கிலோ 3,375 ஆகிறது, உச்ச நாள் தேவை 140 ஆகக் குறைகிறது. ஒரு மேடை செய்யும் செலவும் மிஞ்சுகிறது.

தென்மேற்கு மழை பெய்யும் ஜூலை, ஆகஸ்டில் வாரக் கேள்வியை நிறுத்திவைக்கலாம் என்பது என் கருத்து. கேட்க ஒன்றுமில்லாத வாரத்தில் கேள்வி கேட்டால், விடைக்காகவே ஒரு வேலையைக் கண்டுபிடிக்கும் பழக்கம் வந்துவிடும். மாதக் கேள்வி தொடர்ந்தால் போதும்.

பறிப்பு தொடங்கியபின் நிலைமை தலைகீழாகிறது. இப்போது தடை மேடையில் இல்லை, கைகளில் இருக்கிறது. பழுத்தவற்றை மட்டும் தேர்ந்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே செடிக்குத் திரும்பி வர ஆள் வேண்டும். வாரக் கேள்வியும் மாற வேண்டும்: "இந்த வாரம் பறித்ததில் எத்தனை பங்கு பார்ச்மென்டுக்குப் போனது?" 600 கிலோவில் 400 என்றால் மூன்றில் இரண்டு பங்குதான், அடுத்த சுற்றுக்கு ஆள் சேர்க்க வேண்டும் என்று அந்த வாரமே தெரிந்துவிடும்.

இதில் ஒரு பொறி உண்டு. கடைசிச் சுற்றில் செடியில் மிஞ்சியதை எல்லாம் உருவி எடுப்பார்கள். காயும் பழமும் கலந்த அது முழுவதும் செர்ரிக்குத்தான் போகும். அது விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 450 கிலோ, என்றால் மீதி 4,050 கிலோவிலிருந்தே 3,375 கிலோ வர வேண்டும். ஆகவே அந்தச் சுற்றுக்கு முன் கணக்கு 75 சதவீதத்தில் நின்றால் இலக்கு தவறிவிட்டது என்று பொருள். 83ஐத் தாண்டியிருக்க வேண்டும். இதைக் கவனிக்கத்தான் பறிப்புக் காலத்தில் மாதக் கேள்வி, "தொடக்கத்திலிருந்து இதுவரை எத்தனை சதவீதம்?" என்று மொத்தக் கணக்கைக் கேட்கிறது.

எந்த ஒற்றை எண்ணையும் ஏமாற்றலாம் என்பது இம்முறையின் உண்மையான பலவீனம். பங்கை உயர்த்த வேண்டும் என்ற அவசரத்தில் அரைப்பழத்தையும் பல்பரில் போட்டால் எண் ஏறும். ஆனால் தோல் சரியாகக் கழலாது, கொட்டை நசுங்கும், விலை இறங்கும். பல்பரிலிருந்து வரும் பார்ச்மென்டில் தோல் ஒட்டியவையும் வெட்டுப்பட்டவையும் கூடுவதே அறிகுறி. கேள்வியில் "பழுத்த பழம்" என்று ஒரு சொல்லைச் சேர்ப்பது ஓரளவு காக்கும், முழுமையாக அல்ல.

மூன்றையும் கடைப்பிடிக்க இயலாதவர் எதை வைத்துக்கொள்வது? மாதக் கேள்வியை என்றே சொல்வேன், பறிப்பு நடக்கும் வாரங்கள் நீங்கலாக. ஏற்காட்டுத் தோட்டத்தை ஆளிடம் விட்டுவிட்டுச் சேலத்தில் குடியிருப்பவருக்கு மட்டும் வாரக் கேள்வி ஆண்டு முழுவதும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அந்த ஒன்றைக் கேட்டு, விடையை நாட்காட்டித் தாளிலேயே குறித்துக்கொள்ளலாம்.