njhz;b எப்ப தொண்டி ஆகும்: ஃபான்ட்டா, கன்வெர்ட்டரா, ஓசிஆரா?

தேவிபட்டினத்து மச்சான் ஒரு பழைய விழா மலரோட பிடிஎஃப் அனுப்பி, "மாப்ள, திறந்தா நல்ல தமிழ்தான் தெரியுது, காப்பி பண்ணி வாட்ஸப்புல போட்டா `njhz;b`, `ghk;gd;`னு வருது, ஃபைல் கெட்டுப்போச்சா"ன்னு கேட்டாரு.

கெடல, அது பாமினி. அந்த ஃபான்ட்ல இங்கிலீஷ் எழுத்து இருக்க வேண்டிய எடத்துல தமிழ் வடிவத்த வரைஞ்சு வச்சிருப்பாங்க, j அடிச்சா த, f அடிச்சா க. கம்ப்யூட்டருக்கு அது கடைசிவரைக்கும் j தான், ஃபான்ட் கூட இருக்கிற வரைக்கும் நம்ம கண்ணுக்கு மட்டும் தமிழ்.

அதனால பாமினிய இன்ஸ்டால் பண்றது நம்ம சிஸ்டத்துல படிக்க மட்டும் உதவும். பாம்பன்னு தேடுனா ஒண்ணும் சிக்காது, அடுத்தவங்களுக்கு அனுப்புனா பழைய கதைதான்.

யூனிகோடுல த-வுக்கே தனியா ஒரு நம்பர் (U+0BA4) இருக்கு, எந்த ஃபான்ட் போட்டாலும் த தான், அதனால பாமினிய கன்வெர்ட்டர் வச்சு யூனிகோடுக்கு மாத்தணும். ஆனா எழுத்துக்கு எழுத்து மாத்திட்டா போதும்னு நெனச்சுறாதீங்க:

```
n  j  h  z  ;  b
ெ  த  ா  ண  ்  டி
```

பாமினியில கொம்பு முன்னாடி நிக்கும், யூனிகோடுல மெய்க்கு அப்புறம்தான் வரணும். அதனால நல்ல கன்வெர்ட்டர் `njh` மூணையும் சேத்துப் பிடிச்சு மொதல்ல 'தொ' ஆக்கிட்டுத்தான் தனி எழுத்துக்கு வரும், இல்லாட்டி கொம்பு புள்ளி வட்டத்தோட அந்தரத்துல தொங்கும்.

இதுலயும் ஒரு கண்ணி இருக்கு. ௌ-வோட பின்பாதியும் ள-வும் பாமினியில ஒரே `s` தான், அதனால வெள்ளம் (`nts;sk;`) சில கன்வெர்ட்டர்ல 'வௌ்ளம்' ஆயிரும், பாத்தா வித்தியாசமே தெரியாது, தேடுனா மட்டும் மாட்டாது. ௌ-வுக்குப் பின்னாடி புள்ளி வரவே வராது, அதனால 'ௌ்' தேடி எல்லாத்தையும் 'ெள்' ஆக்கிடலாம். மௌனம் 'மெளனம்' ஆகுறத மட்டும் கண்ணால பாத்துத்தான் திருத்தணும். நடுவுல இங்கிலீஷ்ல GPSனு இருந்தா அதுவும் 'புீளு' ஆகும், அத மொதல்லயே பிரிச்சு வச்சுக்கங்க.

மலரோட கடைசிப் பக்கங்கள்ல கன்வெர்ட்டர் சுத்தமா வேலைக்கு ஆகல. பெருசாக்கிப் பாத்தா எழுத்து ஓரமெல்லாம் கட்டம் கட்டமா இருக்கு, அதாவது ஸ்கேன் பண்ண படம், படத்துக்கு என்கோடிங்கே கெடையாது. அப்புறம் எப்படி காப்பி ஆகுதுன்னா, படத்துல இருக்க எழுத்தப் படிச்சு எடுக்கிற ஓசிஆர யாரோ இங்கிலீஷ்னு வச்சு ஓட்டிருக்காங்க. பாமினின்னா தொண்டி எங்க வந்தாலும் `njhz;b` தான், இதுல வரிக்கு வரி வேற வேற குப்பை. இதுக்கு தமிழ் ஓசிஆர் மறுபடி ஓட்டணும், நேரா யூனிகோடாவே வரும்:

```
tesseract pakkam.png pakkam -l tam
```

ர-வையும் துணைக்காலையும் மாத்திப் படிக்கும், மங்கல் பக்கம்னா இன்னும் மோசம். அதனால எழுத்தாவே இருக்க பக்கத்த நான் ஓசிஆருக்கு விட மாட்டேன், கன்வெர்ட்டர் தப்பு பண்ணா ஒரே மாதிரி பண்ணும், ஒரு தடவ திருத்துனா போதும், ஓசிஆர் பக்கத்துக்குப் பக்கம் புதுசா பண்ணும்.

முன்பாதிய கன்வெர்ட் பண்ணி அனுப்பிட்டேன், மச்சான் பாம்பன்னு தேடிப் பாத்துட்டு மாட்டுதுன்னாரு. ஸ்கேன் பக்கத்த வரி வரியா ஒப்பிட்டுப் படிக்கிற வேல அவருக்குத்தான்.