காற்றுச் சத்தத்துக்கு ஹெல்மெட்டை விட இயர்பிளக்: நெடுந்தூரம் ஓட்டியதில் தெரிந்தது

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் பல வருடமாக பைக்கில் போய் வருகிறேன். வீட்டில் இறங்கியதும் காதுக்குள் ஒரு ரீங்காரம் இருக்கும், யார் பேசினாலும் குரல் மங்கலாகக் கேட்கும். காலையில் சரியாகிவிடும். இப்படி அடிக்கடி நடந்தால் ஒரு கட்டத்தில் முழுதாகச் சரியாகாது. பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய சத்தங்கள்தான் முதலில் போகும். குரல் கேட்கும், சொல் பிடிபடாது.

எஞ்சினையும் சைலன்சரையும் குறை சொல்லிப் பயனில்லை. 60 கி.மீ. வேகத்தைத் தாண்டியதும் ஹெல்மெட்டைச் சுற்றிச் சுழலும் காற்றுதான் பெரிய சத்தம். 80-ல் ஹெல்மெட்டுக்குள் ஏறத்தாழ 95 டெசிபல் வரும். 94 டெசிபலை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கேட்கக்கூடாது என்பது அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு சொல்லும் வரம்பு. அது செங்கல்பட்டு தாண்டிக் கொஞ்ச நேரத்திலேயே தீர்ந்துபோகும்.

விலை உயர்ந்த ஹெல்மெட் வாங்கினால் தீரும் என்று பலரும் சொல்வார்கள். ஓரளவுதான் தீரும். காற்றின் தாழ்ந்த இரைச்சலை எந்த ஹெல்மெட்டும் பெரிதாகத் தடுக்காது. கன்னத்துப் பஞ்சு இறுக்கமாக இருக்க வேண்டும், தாடைக்குக் கீழே இடைவெளி குறைவாக இருக்க வேண்டும். இவை இரண்டும் பிராண்டை விட முக்கியம். அதோடு விண்ட்ஷீல்டையும் பாருங்கள். வண்டி ஆளில்லாத நேர்ச்சாலையில் போகும்போது இருக்கையிலிருந்து லேசாக எழுந்து, தலையை ஒரு சாண் உயர்த்துங்கள். சத்தம் சட்டென்று குறைந்தால், விண்ட்ஷீல்டின் விளிம்பில் சுழலும் காற்று நேராகத் தலையில் மோதுகிறது என்று அர்த்தம். என் வண்டியில் அப்படித்தான் இருந்தது. அதைக் கழற்றியதும் நெஞ்சில் காற்று அடித்தது, ஆனால் காது நிம்மதியானது.

மீதி வேலையை இயர்பிளக் பார்த்துக்கொள்கிறது. மருந்துக்கடையிலும் பாதுகாப்புச் சாமான் கடையிலும் கிடைக்கும் ஃபோம் வகையே போதும். மெல்லிசாக உருட்டி, எதிர்க் கையால் காது மடலை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே விட்டு, விரிந்து அடைக்கும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஹெல்மெட் மாட்டும்போது இழுபடும், சத்தமும் குறையாது. உறையில் முப்பதுக்கு மேல் டெசிபல் குறைப்பு என்று போட்டிருக்கும். நிஜத்தில் பதினைந்து, இருபது கிடைத்தாலே 95 என்பது 80-க்கோ அதற்கும் கீழேயோ வந்துவிடும்.

ஹாரன் கேட்குமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. நெடுஞ்சாலையில் எனக்குக் கேட்கிறது. காற்றும் சேர்ந்து குறைவதால் ஹாரன் தனித்துத் தெரிகிறது. ஊருக்குள் கழற்றிவிடுகிறேன். ஃபில்டர் வைத்த சிலிக்கான் வகையில் பேச்சு தெளிவாக இருக்கும், ஆனால் காற்று இரைச்சல் ஃபோம் அளவுக்குக் குறையாது. இயர்போனில் பாட்டுக் கேட்பது மட்டும் மாற்று ஆகாது. காற்றை மீற ஒலியை ஏற்றத்தான் செய்வோம்.

வியர்வையில் ஃபோம் சீக்கிரம் அழுக்காகி விறைத்துவிடும். காது அரித்தால் புது ஜோடி எடுத்துக்கொள்கிறேன்.