குடும்பத்தோடு நெடுந்தூரம்: பஸ்ஸா, இரண்டு ரயிலா? எங்கள் நோட்டுக் கணக்கு

நாங்கள் நாலு பேர், அதில் இரண்டு சிறுபிள்ளைகள். நான்கு வருடமாக ஒரே ஊருக்குப் போய் வருகிறோம். நேரடி ரயில் கிடையாது. நடுவில் இறங்கி வேறு ரயில் ஏற வேண்டும், இரண்டுக்கும் தனித்தனி முன்பதிவு. பஸ் என்றால் ஒரே ஏற்றம், ஒரே இறக்கம். ஆன செலவையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒரு பஸ் டிக்கெட்டை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கும் முழு டிக்கெட் என்பதால் பஸ்ஸுக்கு 400. ரயிலில் இரண்டு கட்டமும் சேர்த்துப் பெரியவருக்கு 80, பிள்ளைகளுக்கு அதில் பாதி. முன்பதிவுக் கட்டணம் 12 சேர்த்து 252 ஆனது.

அடுத்தது சாப்பாடு. பஸ் எங்கே நிற்கிறதோ அங்கேதான் சாப்பிட முடியும், விலை பார்க்க வழியில்லை. அந்த நேரத்தில் பிள்ளைகளுக்குப் பசிக்காது. இரண்டு வாயோடு எழுந்துவிடுவார்கள், ஒரு மணி நேரம் கழித்துப் பசி என்பார்கள். இரண்டு வேளைச் சாப்பாடும் தின்பண்டமும் 140 ஆகிவிடும். ரயிலில் ஒரு வேளைக்கு வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போகிறோம். மீதிக்கு 60 போதும்.

மூட்டையில்தான் ரயிலின் லாபம் கொஞ்சம் கரைகிறது. பஸ்ஸில் ஆளுக்கு ஒன்று இலவசம், ஐந்தாவது பெட்டிக்கு 15 வாங்கினார்கள். ரயிலில் யாரும் எண்ணவில்லை. ஆனால் ரயில் மாறும்போது சின்னவன் தோளில் தூங்குவான், ஐந்து மூட்டையோடு படியேறி அடுத்த நடைமேடைக்குப் போக வேண்டும். சுமைகூலி 20. இறங்கிய பிறகு வீட்டுக்குப் போகும் வாடகை வண்டிக்கு 25. பஸ்ஸில் வந்தால் அது 10தான்.

ஆக பஸ் 565, ரயில் 357.

ஒரு முறை மட்டும் இந்தக் கணக்கு தலைகீழானது. முதல் ரயில் தாமதமாகி இரண்டாவது ரயில் போய்விட்டது. தனி முன்பதிவு என்பதால் பழைய டிக்கெட்டுக்கு எதுவும் திரும்பக் கிடைக்கவில்லை. அன்றைக்கே எடுத்த புது டிக்கெட்டுகளுக்கு 240, காத்திருந்த நேரத்துச் சாப்பாட்டுக்கு 40. மொத்தம் 637, பஸ்ஸைவிட 72 அதிகம். ஆறு ரயில் பயணத்தில் ஒன்று இப்படி. அப்படியும் ஆறையும் கூட்டிப் பார்த்தால் ஒரு பயணத்துக்குச் சராசரியாக 161 மிச்சம்.

ஆகவே இரண்டு ரயிலுக்கும் நடுவில் குறைந்தது மூன்று மணி நேரம் விட்டே பதிவு செய்கிறேன். அவ்வளவு இடைவெளி கிடைக்காத நாளில் யோசிக்காமல் பஸ்தான். அப்புறம், நாலு பேருக்கும் ஒரே டிக்கெட்டாக எடுப்பது முக்கியம். ஒருமுறை இரண்டு இரண்டாக எடுத்தபோது வேறு வேறு பெட்டியில் இடம் விழுந்தது. சாப்பாட்டுப் பை ஒரு பெட்டியில், பசித்த பிள்ளை இன்னொன்றில். அன்று வாங்கிய தின்பண்டச் செலவும் நோட்டில் இருக்கிறது.