பழைய வினாத்தாள் இல்லாத பாடத்திற்கு நானே வினா எழுதிப் படித்த அனுபவம்

கேரளத்தில் 2024இல் நான்காண்டுப் பட்டப்படிப்பு தொடங்கியபோது, முதல் அணியில் சேர்ந்த எங்களுக்குப் புதிய பாடத்திட்டத்தில் பழைய வினாத்தாள் ஒன்றுகூட இல்லை. அப்போது தொடங்கிய, நானே வினா எழுதி விடையளிக்கும் வழக்கத்தை இன்றுவரை விடாததால், அது உண்மையிலேயே பயன் தருமா என்று சித்தி மகள் கேட்கிறாள்.

இந்த முறையில் எனக்குத் தீராத எரிச்சல் ஒன்று உண்டு. வினா எழுதும் கை, தெரிந்த இடத்திற்கே போகிறது. மலைத்தடுப்பு மழை என்னும் பாடத்தைப் படித்தவுடன், "மழை மறைவுப் பகுதி என்றால் என்ன?" என்றுதான் எழுதத் தோன்றும். புத்தகத்தின் ஒரே வரியைப் பெயர்த்து எழுதினால் விடையாகிவிடும் வினா எதையும் சோதிப்பதில்லை. மறையூரில் வளர்ந்தவர்களுக்கு அந்த வரிகூடத் தேவையில்லை. மூணாறு நனையும்போது நம் ஊர் காய்வதை நாமே பார்க்கிறோம்.

ஆகவே பத்திக்கு ஒரு வினா என்று கட்டாயமாக்கி, அதில் ஒரு நிபந்தனையையாவது மாற்றினேன். கடல் மட்டத்தில் 30 டிகிரி வெப்பமுள்ள காற்று 2,000 மீட்டர் மலையேறி, மறுபுறம் கடல் மட்டத்திற்கே இறங்குகிறது. 1,000 மீட்டரில் மேகம் உருவாகிறது. அடிவாரத்தில் வெப்பம் எவ்வளவு? மேகம் உருவாகும்வரை 1,000 மீட்டருக்குச் சுமார் 10 டிகிரி குறைவதால் 20. அதன்பின் நீராவி நீர்த்துளியாகச் சுருங்கும்போது உள்ளுறை வெப்பம் வெளிப்படுவதால் ஏறத்தாழ 6 டிகிரி மட்டுமே குறைந்து உச்சியில் 14. நீர் முழுவதும் மழையாகக் கொட்டிவிட்டால், இறங்கும் காற்று 20 டிகிரி சூடேறி 34 ஆகிறது.

இதுவரை புத்தகத்திலேயே உண்டு. ஒரு துளிகூடக் கொட்டாமல் மேகம் அப்படியே மறுபுறம் இறங்கினால் என்ன ஆகும் என்பதுதான் நான் சேர்த்த கிளைவினா. மேகத்துளிகள் மீண்டும் ஆவியாகி, வெளிவந்த வெப்பத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வதால் அடிவாரத்தில் மறுபடியும் 30தான். அந்த 4 டிகிரி, காற்று ஏறிய பக்கத்தில் பெய்த மழையின் கணக்கு என்று புரிந்த நாளின் மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

எழுதிய அன்றே விடையளிக்கக் கூடாது. வினாவின் சொற்களே விடையை நினைவூட்டிவிடும். மதிப்பெண் பிரிப்பை அப்போதே எழுதி மடித்து வைத்து, இரண்டு நாள் கழித்துப் புத்தகத்தை மூடிவிட்டு விடை எழுத வேண்டும். எந்த அலகுக்கு எத்தனை வினா என்பதைப் பாடத்திட்டத்தில் அந்த அலகுக்கு ஒதுக்கியுள்ள மணிநேரத்தைப் பார்த்து முடிவு செய்வேன். தேர்வில் எது வரும் என்பதை இதனால் ஊகிக்க முடியாது.

இவ்வளவு நன்மை கண்டபிறகும், பழைய வினாத்தாள் கிடைக்கும் பாடத்திற்கு நான் இதைச் செய்யமாட்டேன். ஒரு பாடத்திற்கே ஒரு மாலைப்பொழுது முழுவதும் போய்விடுகிறது. செமஸ்டர் நெருங்கும்போது அந்த நேரம் யாரிடமும் இருப்பதில்லை.