அயறுக்கு மேலே பூசுவதா, அயறை எடுத்துவிட்டுப் பூசுவதா?

போன மார்கழி மழைக்குள் திருக்கோவில் ஊரில் இருக்கும் என் தங்கச்சி கைபேசியில் ஒரு படம் அனுப்பினாள். அவளுடைய நாலு வயது மகனின் முகம். "அக்கா, சின்னவனுக்குச் சளி காய்ந்து மூக்குக்குக் கீழே ஒட்டிக் கிடக்கு, துடைச்சா ரத்தம் வருது" என்று எழுதியிருந்தாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது சளியே இல்லை. மரமுந்திரிகை மரத்தில் பிசின் வடிந்து காய்ந்திருக்குமே, அதே தேன் நிறத்தில் மூக்குத் துளையிலிருந்து மேலுதடு வரைக்கும் அயறு கட்டியிருந்தது. உதட்டோரத்தில் இன்னும் இரண்டு.

இதை இம்பெட்டிகோ என்பார்கள். சிலர் சிரங்கு என்பார்கள். நான் வெளிநோயாளர் பிரிவில் தாதியாக இருக்கிறேன். மழைக்காலத்திலும் சரி, வியர்த்து ஒழுகும் வெயில் காலத்திலும் சரி, இந்த மூக்கோடு வரும் பிள்ளைகளைப் பார்க்காத மாதம் குறைவு. பெரும்பாலும் இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்டவர்கள்.

தங்கச்சி வீட்டில் அன்றைக்கு மூன்று கருத்து இருந்தது. மாமி மஞ்சளையும் வேப்பிலையையும் அரைத்துப் பூசிக் காயவிடச் சொன்னார். மச்சான் பாமசியில் ஒரு களிம்பு வாங்கி மூன்று நாளாக அயறுக்கு மேலேயே பூசிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு அக்கா, தன் மகளுக்கு மிஞ்சிய, கிருமி கொல்லும் பாணி மருந்தைத் தரட்டுமா என்று கேட்டிருக்கிறார். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மாமி சொன்னதில் ஓர் உண்மை இருக்கிறது. நாலைந்து புள்ளியோடு நின்ற லேசான இம்பெட்டிகோ, எதுவுமே செய்யாவிட்டாலும் இரண்டு மூன்று கிழமையில் தழும்பில்லாமல் ஆறிவிடக்கூடும். மஞ்சள் பூசி ஆறியதாக நாம் நம்புவதில் ஒரு பங்கு அந்தக் கணக்குத்தான். ஆனால் அந்தக் காலம் முழுக்கப் பிள்ளை கிருமியைக் கையில் சுமந்துகொண்டு திரிகிறான். அரைத்த விழுது காய்ந்து அயறின் மேல் இன்னோர் அடுக்காக ஒட்டும். இழுக்கும், அரிக்கும், பிள்ளை சொறிவான். சிவப்பு பரவுகிறதா என்று பார்க்கவும் முடியாது, எல்லாம் மஞ்சளாக இருக்கும்.

அயறு என்றால் என்ன என்று தெரிந்தால் மச்சானின் முறை ஏன் பலிக்கவில்லை என்பதும் விளங்கும். சளி ஓடி ஓடி, துடைத்துத் துடைத்து மூக்கடித் தோல் உரிந்து போகிறது. அந்தக் கீறலுக்குள் ஸ்டெபிலோகொக்கஸ் அல்லது ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்ற கிருமி இறங்குகிறது. பல பேருடைய மூக்குக்குள் ஸ்டெபிலோகொக்கஸ் ஏற்கெனவே சும்மா குடியிருப்பதுதான். மூக்கு நோண்டும் விரலே அதை வெளியே கொண்டுவந்துவிடும். சின்னக் கொப்புளம் எழும்பி ஒரு நாளுக்குள் உடைகிறது. அதிலிருந்து கசியும் நீர் காய்ந்ததுதான் அயறு. வெட்டுக்காயத்தில் வரும் பொருக்கு காயத்தை மூடிக் காக்கும்; அதை விட்டுவிடலாம். இம்பெட்டிகோ அயறு அப்படி இல்லை. அதன் அடியில் ஈரம் இருக்கிறது, கிருமி உயிரோடு இருக்கிறது, மேலே பூசும் களிம்பு அந்தப் படையைத் தாண்டிச் சரியாக இறங்காது. தங்கச்சி மகனுக்கு மூன்று நாள் பூசியும் உதட்டோரத்தில் புதுப் புள்ளி வந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

களிம்பு என்ன என்று கேட்டுக் குழாயைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பியூசிடிக் அசிட் 2 சதவீதம், சரியான மருந்துதான். இதைக் கேட்டே ஆகவேண்டும். கிருமி மருந்தோடு பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீரொயிட் கலந்த களிம்புகளும் கடையில் உண்டு. அவை சிவப்பை அடக்கி, ஆறுவது போலக் காட்டும். உள்ளே தொற்று தன்பாட்டுக்குப் பரவும்.

அதே களிம்பை வைத்து முறையை மட்டும் மாற்றினோம். கொதித்து ஆறிய தண்ணீர், மணிக்கட்டின் உட்புறத்தில் விட்டால் இளஞ்சூடாக இருக்க வேண்டும். பழைய பருத்தி வேட்டியைக் கிழித்த சின்னத் துண்டுகளை அதில் நனைத்து, பிழிந்து, அயறின் மேல் ஐந்து முதல் பத்து நிமிடம் வைத்தாள். துண்டு ஆறினால் புதுத்துண்டு. அயறு ஊறி வெல்லம் போல் இளகும்போது சவர்க்காரம் தொட்ட துண்டால் மெதுவாக ஒற்றி எடுத்தாள். வராததை விட்டுவிட்டு அடுத்த முறை பார்த்தாள். பிய்த்தால் புது ரத்தப்புண்தான் வரும். அடியில் ஈரமான இளஞ்சிவப்புத் தோல் தெரிந்தது. அதை ஒற்றிக் காயவைத்து, மெல்லிய படையாகக் களிம்பு. கைகழுவிவிட்டுத் தொடங்கி, கைகழுவி முடிக்க வேண்டும், துண்டுகள் குப்பைக்கு. நாளுக்கு மூன்று தடவை, ஐந்து நாள். முதல் தடவை பிள்ளை அழுதான்; பிறகு சூடு சுகமாக இருந்ததோ என்னவோ, மடியில் படுத்துக் கார்ட்டூன் பார்த்தான். இரண்டாம் நாளிலிருந்து புதுப் புள்ளி இல்லை, ஐந்தாம் நாள் இளஞ்சிவப்புத் தடம் மட்டும்.

அதற்குள் சின்னவனின் அக்காவுடைய நாடியிலும் ஒரு புள்ளி வந்துவிட்டது. இரண்டு பேருக்கும் ஒரே துவாய். கிருமி தொட்டதும் வெளியே தெரியாது. பெரும்பாலும் நாலு முதல் பத்து நாள் எடுக்கும். ஆக, தம்பியின் மூக்கைச் சளி என்று நினைத்திருந்த நாட்களிலேயே அவளுக்குப் போய்விட்டது. பிறகு துவாயும் தலையணை உறையும் தனித்தனி, சுடுதண்ணீரில் துவைப்பு, நகம் ஒட்ட வெட்டல். முன்பள்ளிக்கு, மருந்து ஒழுங்காகத் தொடங்கி 48 மணிநேரம் கழித்து, அல்லது புண் காய்ந்து ஆறிய பிறகு அனுப்பலாம்.

அப்புறம் பாணி மருந்து. முகத்தில் ஓரிரு இடத்தில் மட்டும் இருந்தால் அது தேவைப்படாது. பல இடத்தில் பரவினால், காய்ச்சல் இருந்தால், பெரிய நீர்க்கொப்புளம் வந்தால், அயறை எடுத்து மூன்று நாள் பூசியும் குறையாவிட்டால் அதுதான் சரியான வழி. அப்போது வைத்தியர் பிள்ளையின் நிறையைப் பார்த்து புளூக்ளொக்ஸசிலின் அல்லது செபலெக்சின் எழுதுவார், ஐந்து முதல் ஏழு நாளைக்கு. பக்கத்து வீட்டு மிச்சத்தில் நிறைக்கேற்ற அளவும் இல்லை, முழு நாட்களுக்குப் போதுமான மருந்தும் இல்லை. கரைத்து எத்தனை நாளானது என்பதும் தெரியாது. அது பெனிசிலின் வகையாக இருந்தால், பெனிசிலின் ஒவ்வாத பிள்ளைக்கு ஆபத்தும் கூட. பிறந்த குழந்தைக்கு ஒரு கொப்புளம் வந்தாலும், யாருக்காவது கண்ணைச் சுற்றி வீங்கிச் சிவந்தாலும், வீட்டு வைத்தியமும் வேண்டாம், களிம்பும் வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

உதட்டில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் கொத்தாக, எரிச்சலோடு, அதே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் அது ஹெர்பீஸ் வைரஸாக இருக்கலாம். அதற்கு இந்தக் களிம்பு எதுவும் செய்யாது.

புண் ஆறிய பிறகும் தங்கச்சியை ஒன்று கவனிக்கச் சொன்னேன். ஸ்ட்ரெப்டோகொக்கஸாக இருந்தால், அபூர்வமாக, சுமார் மூன்று கிழமை கழித்துச் சிறுநீரகம் பாதிக்கப்படும். மருந்து கொடுத்திருந்தாலும் அது வராது என்று உறுதி சொல்ல முடியாது. காலையில் எழும்பும்போது கண் இமை வீங்கியிருக்கிறதா, சிறுநீர் சாயம் கூடிய பிளேன்டீ நிறத்தில் போகிறதா என்று தை பிறந்து முடியும் வரை அவள் தினமும் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.