ஜெனரேட்டர் ரூம் கட்டித் தருகிறேன் என்று வருபவர்களிடம் உஷார்: எனக்கு 3,85,000 ரூபாய் போச்சு

ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, எழுத்தில் கொஞ்சம் சூடு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். திருப்பூரில் சின்ன நிட்டிங் யூனிட் வைத்திருக்கிறேன். ஒரு ஆப் மூலம் பிடித்த ஆளிடம் ஜெனரேட்டர் அறை வேலை கொடுத்து 3,85,000 ரூபாய் இழந்தேன். இதே வேலை கையில் வைத்திருப்பவர்கள் கடைசி வரை படியுங்கள். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன்.

எங்களிடம் இருப்பது 125 கே.வி.ஏ. ஜெனரேட்டர், சத்தம் தடுக்கும் கூடு இல்லாத ஓப்பன் செட். பின்பக்கக் கொட்டகையில் வருஷக்கணக்கில் ஓடியது, ஒரு நாள் கூட சூட்டினால் நின்றதில்லை. பக்கத்து வீட்டில் சத்தம் என்று புகார் வந்ததால் அறை கட்டி உள்ளே வைக்க முடிவு செய்தோம். வீட்டு வேலை முதல் தொழிற்சாலை வேலை வரை ஆள் அனுப்பும் ஒரு ஆப்பில், "சரிபார்க்கப்பட்டவர்" என்று பச்சை அடையாளம் போட்ட ஒரு கான்ட்ராக்டர் கிடைத்தார். கொட்டேஷனில் "வென்டிலேஷன் மற்றும் எக்ஸாஸ்ட் டிசைன்" என்று தனியாக 35,000 ரூபாய் போட்டிருந்தார். அதைப் பார்த்துத்தான் விஷயம் தெரிந்த ஆள் என்று நினைத்தேன். அந்த 35,000 ரூபாய்க்கு ஒரு வரி கணக்குகூட இன்று வரை என் கைக்கு வரவில்லை.

வேலை முடிந்த அன்று நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். காலையில் செட்டை ஸ்டார்ட் செய்து, கதவைச் சாத்தி, கேட்டுக்கு வெளியே என்னைக் கூட்டிப்போய் சத்தம் அளக்கும் மீட்டரை என் கையிலேயே கொடுத்தார். 68 டெசிபெல். பக்கத்து வீட்டுப் பெரியவரே எட்டிப் பார்த்து, "ஓடுதுங்களா?" என்று கேட்டார். அதைவிட என்ன சாட்சி வேண்டும்? "பாத்தீங்களா சார், இதான் நம்ம வேலை. ஆப்ல ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லிடுங்க" என்றார். சொன்னேன். பாக்கிப் பணமும் போய்விட்டது. அப்போது செட் ஓடியது ஐந்து நிமிஷம், அதுவும் லோடு இல்லாமல். லோடு போடாத இன்ஜினுக்குச் சூடும் இல்லை, புகையும் இல்லை. அவருக்கு அது நன்றாகவே தெரியும்.

அடுத்த பெரிய மின்தடையில் எல்லா மெஷினும் ஓடிக்கொண்டிருக்கும்போது, முக்கால் மணி நேரத்துக்குள் செட் தானாக நின்றது. பேனலில் ஹை டெம்பரேச்சர் விளக்கு. நிட்டிங் மெஷின் அப்படி நடுவில் நின்றால், மறுபடி ஓட்டும்போது துணியில் குறுக்கே ஒரு கோடு விழும். டையிங் போய் வந்த பிறகு அது பளிச்சென்று தெரியும், பார்ட்டி அந்த ரோலைத் திருப்பி அனுப்புவார். அந்த நஷ்டத்தை இந்த 3,85,000-இல் நான் சேர்க்கவே இல்லை.

போன் செய்தேன். "ரேடியேட்டர் அடைச்சிருக்கும் சார், சர்வீஸ் விடுங்க." விட்டோம், மறுபடி நின்றது. "டீசல் கலப்படமா இருக்கும் சார்." பங்க்கை மாற்றினோம், மறுபடி நின்றது. காற்று போதவில்லையோ என்று கேட்டதற்கு, "இன்ஜின் எவ்வளவு சார் காத்து குடிக்கும்? அந்த ஜன்னல் தாராளம்" என்றார். அப்புறம் போனே எடுப்பதில்லை. ஆப்பின் உதவி எண்ணில் கேட்டால், "நீங்க ஓ.டி.பி. கொடுத்துட்டதால வேலை முடிஞ்சதா பதிவாகியிருக்கு" என்று ஒரே பல்லவி.

கடைசியில் இன்ஜின் டீலரிடமிருந்து ஒரு பழைய சர்வீஸ்காரரை வரவழைத்தேன். அவர் இன்ஜினைத் தொடவே இல்லை. லோடு போட்டு ஓடவிட்டு, "ஏனுங்க, கதவைத் தொறங்க பாக்கலாம்" என்றார். வெளிப்பக்கம் திறக்கிற கதவு, நிற்கும்போது ஒரு விரலால் திறக்கும். ஓடும்போது இரண்டு கையால் பிடித்து இழுத்தால்தான் வந்தது. "பாத்தீங்களா, ஃபேன் காத்துக்கு ஏங்குதுங்க" என்றார்.

அவர் விளக்கியது இது. இந்த அளவு இன்ஜின் டீசலை எரிக்க முழு லோடில் நிமிஷத்துக்கு 8, 9 கன மீட்டர் காற்று போதும். அதை மட்டும் பார்த்தால் கான்ட்ராக்டர் சொன்ன "ஜன்னல் தாராளம்" சரிதான். ஆனால் ரேடியேட்டர் ஃபேன் தள்ளுவது நிமிஷத்துக்குச் சுமார் 180 கன மீட்டர், அதாவது இருபது மடங்கு. இந்த ஃபேன் காற்றை ஆல்டர்னேட்டர் பக்கமிருந்து இன்ஜின் மேலே இழுத்து, ரேடியேட்டர் வழியாக வெளியே தள்ளும் வகை. கொட்டகையில் நாலு பக்கமும் திறப்பு, அதனால் அது யாருக்கும் தெரியவில்லை. அறைக்குள் வைத்தால் அந்த 180-உம் ஏதாவது ஒரு ஓட்டை வழியாகத்தான் உள்ளே வந்தாக வேண்டும்.

எங்களுக்குக் கான்ட்ராக்டர் வைத்தது 3 அடிக்கு 3 அடி லூவர், அதாவது சாய்வுத் தகடுகள் வைத்த காற்று ஜன்னல், அதன் பின்னால் சத்தம் தடுக்கக் கிளாஸ் வூல் தட்டிகள். லூவரில் பாதி தகடுதான், காற்றுக்குத் திறப்பு நாலரை சதுர அடி. காற்று நொடிக்கு இரண்டரை மீட்டர் வேகத்தில் நிதானமாக வரவேண்டுமானால் சுமார் 13 சதுர அடி திறப்பு வேண்டும், அதாவது ஏறத்தாழ 5 அடிக்கு 5 அடி லூவர். சர்வீஸ்காரர் டியூபில் தண்ணீர் ஊற்றி அறையின் இழுப்பை அளந்தார். 9 மில்லிமீட்டர். எங்கள் செட்டின் டேட்டா ஷீட்டில் காற்று உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் சேர்த்தே 12 தான் அனுமதி.

அளவு மட்டும் தப்பு என்றால் லூவரைப் பெரிதாக்கிவிடலாம். இடமே தப்பு. காற்று வரும் லூவரையும் ரேடியேட்டர் காற்று போகும் லூவரையும் ஒரே சந்துச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார். வெளியே தள்ளிய சூட்டுக் காற்றையே அறை மறுபடி இழுக்கிறது. ரேடியேட்டருக்கும் சுவருக்கும் நடுவே ஒன்றரை அடி இடைவெளி, அங்கே டக்ட் கிடையாது. இரண்டு விளிம்பையும் கேன்வாஸ் வைத்து மூடியிருந்தால் கூட போதும். மூடாததால் பாதிச் சூடு ஓரமாகத் திரும்பி உள்ளேயே சுற்றுகிறது. புகைக்குழாய் உள்ளே ஓடும் இடத்தில் கிளாஸ் வூல் சுற்றவும் இல்லை. வெளியே 36 டிகிரி இருந்தபோது, ஏர் ஃபில்டர் வாயில் கட்டிய தெர்மாமீட்டர் 58 காட்டியது. அந்தச் சூட்டில் காற்று லேசாகிவிடும், இன்ஜினுக்குக் கிடைக்கும் அளவு சுமார் 7 சதவீதம் குறையும். ரேடியேட்டரும் சூட்டுக் காற்றை வைத்தே தண்ணீரைக் குளிர்விக்கப் பார்க்கும். பின் எப்படி நிற்காமல் ஓடும்?

அடுத்தது சைலன்சர். செட்டோடு வந்த சைலன்சருக்கு மேல் இரண்டாவதாக ஒன்று மாட்டி, 38,000 ரூபாய் பில் போட்டிருந்தார். எங்கள் எக்ஸாஸ்ட் 4 அங்குலம், அந்தச் சைலன்சர் 3 அங்குலம். ரெட்யூசர் போட்டு, மாடிக்கு மேலே போகும் 12 மீட்டர் குழாயையும் 3 அங்குலமாகவே இழுத்துவிட்டார். வழியில் ஐந்து எல்போ. "பைப் சின்னதா இருந்தா சத்தம் கம்மி சார்" என்று அன்றைக்குச் சொன்னது ஞாபகம் இருக்கிறது. குழாயின் விட்டம் குறைந்தால் அடைப்பு அதன் ஐந்தாம் மடியில் ஏறும். நாலிலிருந்து மூன்றுக்கு வந்தாலே நாலு மடங்குக்கு மேல். ஒவ்வொரு எல்போவும் இன்னும் இரண்டரை மீட்டர் நேர்க்குழாய் சேர்த்ததற்குச் சமம். 12 மீட்டர் குழாய் இன்ஜினுக்கு 24.5 மீட்டராகத் தெரியும்.

இதையும் சர்வீஸ்காரர் கண்ணால் காட்டினார். டர்போவுக்கு அப்புறம் குழாயில் இருந்த பிளக்கைக் கழற்றி, சூடு தாங்க முதலில் செம்புக் குழாய், அதற்குப் பிறகு கண்ணாடி போல் தெரியும் பிளாஸ்டிக் டியூபை "யு" வடிவில் வளைத்துச் சுவரில் ஒட்டி, தண்ணீர் ஊற்றினார். செட் நின்றிருந்தபோது இரண்டு பக்கமும் சமம். லோடு ஏற ஏற ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் ஏறியது. முழு லோடுக்குப் பக்கத்தில் வித்தியாசம் 1.3 மீட்டர். புகையைத் தடுத்து இன்ஜின் பக்கம் திருப்பித் தள்ளும் இந்த அழுத்தத்துக்குத்தான் பேக் பிரஷர் என்று பெயர், எங்கள் இன்ஜின் கையேட்டில் அதற்கு அதிகபட்சம் 10 கிலோ பாஸ்கல், அதாவது சுமார் 1 மீட்டர் தண்ணீர். எரிந்த புகை வெளியேற முடியாமல் சிலிண்டரில் தங்கினால் புதுக் காற்றுக்கு இடமில்லை, டீசல் அரைகுறையாக எரிந்து கரும்புகையாகும், எக்ஸாஸ்ட் சூடு இன்னும் ஏறும். அந்தச் சூட்டையும் இந்த அறைதான் சுமக்கிறது. இரண்டாவது சைலன்சரையும் மேல்குழாயையும் கழற்றிவிட்டு ஓட்டியபோது தண்ணீர் அரை மீட்டர் கூட ஏறவில்லை.

இந்தப் போட்டோ, வீடியோ எல்லாவற்றையும் ஆப்புக்கு அனுப்பினேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில். கான்ட்ராக்டர் வாட்ஸ்அப்பில், "சத்தம் குறைக்கச் சொன்னீங்க, குறைச்சோம் சார்" என்று ஒரு வரி போட்டு பிளாக் செய்துவிட்டார். 3,85,000 ரூபாய் வாங்கியவரின் பதில் இது. 35,000 ரூபாய் டிசைன் கட்டணம் வாங்கியவருக்கு எக்ஸாஸ்ட் என்றால் சத்தம் மட்டும்தான் தெரியுமாம்.

இப்போது கதவைத் திறந்துபோட்டுத்தான் ஓட்டுகிறோம். சத்தம் பழையபடி, பக்கத்து வீட்டில் மறுபடி சண்டை. லூவரை ஆல்டர்னேட்டர் பக்கச் சுவருக்கு மாற்றி, டக்ட் போட்டு, 5 அங்குலக் குழாய் இழுக்க வேறொருவர் கேட்பது இன்னும் 1,40,000.

சரி, சொன்னபடி எச்சரிக்கை. பொறுமையாக எழுத இப்போது மனசில்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

செட்டின் டேட்டா ஷீட்டை நீங்களே டீலரிடம் வாங்குங்கள். ரேடியேட்டர் காற்று எவ்வளவு, பேக் பிரஷர் எவ்வளவு வரை தாங்கும் என்று இரண்டும் அதில் இருக்கும். அந்த எண்களை வைத்து லூவர் அளவும் குழாய் அளவும் எழுத்தில் கணக்குப் போட்டுத் தராதவருக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

காற்று வரும் லூவரும் போகும் லூவரும் ஒரே சுவரில் என்றால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். எக்ஸாஸ்டில் எந்த இடத்திலும் ரெட்யூசர் போடவிடாதீர்கள்.

கதவைச் சாத்தி, முழு லோடில், மத்தியான வெயிலில் இரண்டு மணி நேரம் ஓட்டிக் காட்டாமல் பாக்கிப் பணமும் ஓ.டி.பி.யும் கொடுக்காதீர்கள். காலையில் லோடு இல்லாமல் ஓட்டி மீட்டரை உங்கள் கையில் கொடுத்தால் வாங்காதீர்கள்.

திருப்பூர், அவிநாசி பக்கம் இதே மாதிரி ஆப்பில் பிடித்து ரூம் கட்டியவர்கள் இருந்தால், இன்றைக்கே செட்டை லோடில் போட்டு கதவை இழுத்துப் பாருங்கள். கஷ்டப்பட்டு வந்தால் பில்லையும் போட்டோவையும் எடுத்து வைத்து எனக்குச் சொல்லுங்கள், புகாரைச் சேர்ந்தே கொடுக்கலாம்.